ஊசி தள்ளிப்போச்சு, குழந்தையும் 5 வாரம் முந்திப் பிறந்தது: ரிமைண்டரை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது?

குற்றாலச்சாரல் | மார்ச் 16, 2025, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். மகள் பிறந்தது 2025 ஜனவரி 8, புதன்கிழமை. பிப்ரவரி 12 அன்றுதான் டெலிவரி என்று தேதி கொடுத்திருந்தார்கள். பனிக்குடம் முன்பே உடைந்ததால் 35 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 2.1 கிலோ. பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூன்றும் பிறந்த அன்றே போட்டுவிட்டார்கள்.

ஒன்றரை மாத ஊசி பிப்ரவரி 19 அன்று போட்டிருக்க வேண்டும். அந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். டாக்டரே தள்ளிப்போடச் சொன்னதால் மார்ச் 5 அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தவணை போட்டோம். நர்ஸம்மா அட்டையில் அடுத்த தேதி ஏப்ரல் 2 என்று எழுதியிருக்கிறார்.

குழப்பம் என்னவென்றால், நான் போனில் வைத்திருக்கும் குழந்தை ஆப் மார்ச் 19 என்று காட்டுகிறது. பிறந்த தேதியை மட்டும்தான் கேட்டு வாங்கிக்கொண்டது. முதல் ஊசி எப்போது போட்டோம் என்று கேட்கவே இல்லை. இப்போது தினமும் காலையில் “இன்னும் 3 நாள்” என்று மணி அடிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பதற்றம்.

அதே ஆப்பில் பால் கொடுக்கும் நேரமும் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும். என் மனைவி தூங்கி எழுந்த மாதிரியே இல்லை. ஜூலை 8 அன்று “இணை உணவு ஆரம்பம்” என்று இன்னொன்று. 5 வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு இந்தத் தேதிகளை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

---

நெல்லை_ராம் | மார்ச் 17, காலை 6:55

ப்ரோ, குறைமாதக் குழந்தைக்கு எல்லாவற்றையும் டெலிவரி தேதியிலிருந்துதான் கணக்கிட வேண்டும். என் அண்ணன் பையனுக்கு அப்படித்தான் சொன்னார்கள். குப்புற விழுவது, உட்காருவது எல்லாமே அந்தக் கணக்கில்தான் சரியாக வந்தது. அதனால் ஆப்பில் பிறந்த தேதியை பிப்ரவரி 12 என்று மாற்றிவிடுங்கள். ஊசி, சாப்பாடு எல்லாம் தானாகவே 5 வாரம் தள்ளிப் போய்விடும். நீங்கள் முதல் ஊசியைக் கொஞ்சம் சீக்கிரமே போட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

---

கிராமநர்ஸ் | மார்ச் 17, காலை 9:20

தம்பி ராம், வளர்ச்சிக் கணக்கு நீங்கள் சொன்னது சரி. ஊசிக் கணக்கை அப்படி மாற்றிவிடாதீர்கள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் குழப்பத்தை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன்.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. குறைமாதமாகப் பிறந்தாலும் அதே 6, 10, 14 வாரம்தான். காரணம் இருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் எதிர்ப்பு சக்தியில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் போய்ச் சேரும். முந்திப் பிறந்த குழந்தை அதில் ஒரு பங்கை இழந்துதான் வருகிறது. கக்குவான் இருமல் மாதிரியான நோய் சின்னக் குழந்தையைத்தான் கடுமையாகத் தாக்கும். அந்தக் குழந்தைக்குப் போய் ஊசியை 5 வாரம் தள்ளினால், பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் ஊசி இல்லாமல் விட்ட மாதிரி ஆகிவிடும்.

குற்றாலச்சாரல் தம்பிக்கு: உங்கள் நர்ஸ் எழுதிய ஏப்ரல் 2 தான் சரி. 10 வார ஊசி என்று நாம் சொல்வதில் இரண்டு நிபந்தனை இருக்கிறது. குழந்தைக்கு 10 வாரம் ஆகியிருக்க வேண்டும், முந்தைய தவணை போட்டு 4 வாரமும் ஆகியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு மார்ச் 19 அன்று முதல் நிபந்தனை சரியாகிவிடும். ஆனால் முதல் ஊசி போட்டு 14 நாள்தான் ஆகியிருக்கும். அன்றைக்குப் போட்டால் அந்தத் தவணை கணக்கில் வராது, திரும்பப் போட வேண்டியிருக்கும். மார்ச் 5 உடன் 28 நாள் கூட்டினால் ஏப்ரல் 2. அதிலிருந்து இன்னும் 28 நாள், ஏப்ரல் 30. மூன்றாவது தவணை அன்றைக்கு.

ஒன்றை மனதில் வையுங்கள். தாமதமாகிவிட்டது என்பதற்காக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான். சீக்கிரம் போடுவதில்தான் சிக்கல்.

9 மாத ஊசிக்கு இந்தத் தாமதம் ஒட்டாது. அது அக்டோபர் 8 அன்றேதான். அதைத் தள்ளிவிடாதீர்கள்.

---

தேனி_அம்மா | மார்ச் 17, காலை 10:05

எங்கள் பாப்பாவுக்கு 5 மாதம். போலியோ முகாம் நடந்தபோது பஸ் ஸ்டாண்டில் வைத்து சொட்டு கொடுத்தார்கள், விரலில் மை வைத்தார்கள். இதையும் ஒரு தவணையாக எடுத்துக்கொண்டு ரிமைண்டரில் டிக் அடித்துவிடலாமா? இங்கே அதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

---

கிராமநர்ஸ் | மார்ச் 17, காலை 10:30

இல்லைம்மா, அது வேறு. முகாமில் கொடுக்கும் சொட்டு கூடுதல். அட்டையில் இருக்கும் 6, 10, 14 வாரச் சொட்டுக்கு அது ஈடாகாது. டிக் அடித்தால் ஒரு உண்மையான தவணை விட்டுப்போகும். அட்டையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 14 வாரத்தில் சொட்டோடு சேர்த்து வலது கையின் மேல்பகுதியில் தோலுக்குள் ஒரு சின்ன போலியோ ஊசியும் உண்டு. அந்தக் கட்டத்தில் தேதி இருக்கிறதா?

---

தேனி_அம்மா | மார்ச் 17, காலை 11:12

இருக்கிறது. நன்றி அக்கா. சொட்டு கொடுத்த பிறகு அரை மணி நேரம் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று சொல்வார்களே, அதற்கும் தனியாக அலாரம் வைத்திருந்தேன்.

---

கிராமநர்ஸ் | மார்ச் 17, காலை 11:40

அந்த அலாரத்தை எடுத்துவிடலாம். போலியோ சொட்டுக்கும் ரோட்டா சொட்டுக்கும் முன்னாலோ பின்னாலோ தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஊசி போடும்போதே மார்பில் போட்டுக்கொண்டால் அழுகை குறையும். அரை மணி நேரம் என்று சொல்வது வேறு ஒன்றுக்காக. ஊசி போட்ட பிறகு அங்கேயே உட்கார்ந்து இருக்கச் சொல்வார்கள், ஏதாவது ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்க. அதுதான் பால் கணக்காக மாறிப் பரவிவிட்டது போலிருக்கிறது.

---

எக்செல்_வாத்தியார் | மார்ச் 17, மாலை 5:48

ஆப் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பிறந்த தேதியை மட்டும் வைத்துக் கணக்கிடுகிற எந்த ஆப்பும் தாமதம் வந்த அன்றே தப்பாகிவிடும். ஷீட்டில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நாலு வரிதான்.

B1-இல் பிறந்த தேதி, B2-இல் முதல் தவணை உண்மையில் போட்ட தேதி. B3-இல் இரண்டாவது, B4-இல் மூன்றாவது, B5-இல் 9 மாத ஊசி.

```
B3: =MAX(B1+70, B2+28)
B4: =MAX(B1+98, B3+28)
B5: =EDATE(B1, 9)
```

`MAX` இரண்டு தேதியில் பிந்தியதை எடுக்கும். அக்கா சொன்ன இரண்டு நிபந்தனையும் இதற்குள் வந்துவிடும். இரண்டாவது தவணை போட்டு முடிந்ததும் B3-இல் இருக்கும் சூத்திரத்தை அழித்துவிட்டு, போட்ட தேதியை எழுதுங்கள். B4 தானாக மாறும். இதைச் செய்யாவிட்டால் ஷீட்டும் ஆப் மாதிரிதான்.

உங்கள் ஊரில் புதன்கிழமைதான் ஊசி என்றால் C பத்தியில் இது:

```
C3: =B3+MOD(4-WEEKDAY(B3),7)
```

கணக்கு வெள்ளிக்கிழமையில் விழுந்தால் அடுத்த புதனைக் காட்டும். புதனிலேயே விழுந்தால் அதே தேதி.

---

குற்றாலச்சாரல் | மார்ச் 17, இரவு 9:15

போட்டுப் பார்த்தேன், ஏப்ரல் 2, ஏப்ரல் 30, அக்டோபர் 8 என்று வருகிறது. நர்ஸம்மா எழுதியதோடு பொருந்துகிறது. ரொம்ப நன்றி சார்.

புதன்கிழமை மட்டும் ஏன்? வேலைக்கு லீவு போட வேண்டியிருக்கிறது.

---

கிராமநர்ஸ் | மார்ச் 18, காலை 8:10

சில மருந்துக் குப்பியில் பல குழந்தைகளுக்கான அளவு இருக்கும். பிசிஜி, தட்டம்மை ஊசி எல்லாம் பொடியாக வரும். அங்கேயே கலக்க வேண்டும். கலக்கி 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கொட்டிவிட வேண்டும். அதனால்தான் குழந்தைகளை ஒரே நாளில் வரவழைப்பது. பெரிய அரசு மருத்துவமனையில் மற்ற நாளிலும் போடுவார்கள். உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

---

மலர்விழி_கோவை | மார்ச் 18, மதியம் 2:30

ஊசி சரியாகிவிட்டது. அந்த இரண்டு மணி நேரப் பால் அலாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கும் 36 வாரத்தில் பையன். முதல் மாதம் முழுக்க அலாரம் வைத்து எழுப்பித்தான் கொடுத்தேன். அப்புறம் டாக்டர் நிறுத்தச் சொன்னார். எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு கணக்கு சொன்னார், எடையை வைத்து. எனக்கு அது சரியாக நினைவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

---

கிராமநர்ஸ் | மார்ச் 18, மாலை 6:00

தெரியும்மா. முந்திப் பிறந்த குழந்தை தூக்கத்திலேயே இருக்கும், பசித்து அழக்கூட அதற்குத் தெம்பு இருக்காது. அதனால்தான் ஆரம்பத்தில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பிக் கொடுக்கச் சொல்வது. அது எப்போதைக்குமான விதி இல்லை. குழந்தை பிறந்த எடைக்குத் திரும்பி, அதற்குப் பிறகு சீராக ஏறுகிறது என்று தெரிந்துவிட்டால் அலாரத்தின் வேலை முடிந்தது.

தம்பி, அட்டையில் எடை என்ன எழுதியிருக்கிறது?

---

குற்றாலச்சாரல் | மார்ச் 18, இரவு 8:25

பிறந்தபோது 2.1. முதல் வாரம் இறங்கியது. ஜனவரி 22 அன்று மறுபடி 2.1. மார்ச் 5 அன்று 3.2.

---

கிராமநர்ஸ் | மார்ச் 18, இரவு 9:05

சரி, பாருங்கள். ஜனவரி 22-லிருந்து மார்ச் 5 வரை 42 நாள். ஏறியது 1,100 கிராம். நாளுக்கு 26 கிராம் வருகிறது. இந்த வயதில் 25-லிருந்து 30 கிராம் வரை ஏறினால் நல்ல ஏற்றம். ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போகிறாளா, பால் குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்கிறதா? அதுவும் இருந்தால் பால் போதுமானதாகக் கிடைக்கிறது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்த எடையைக் காட்டி, இரவு அலாரத்தை நிறுத்தலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். அப்புறம் அவள் கேட்கும்போது கொடுத்தால் போதும். பசி வந்தால் தலையைத் திருப்பித் தேடுவாள், கையை வாயில் வைப்பாள். அழுகை கடைசியில்தான் வரும். அலாரம் அந்த அடையாளத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிடும். மணி அடித்தால் கொடு, அடிக்காவிட்டால் கொடுக்காதே என்று ஆகிவிடும். சாயங்காலத்தில் சில குழந்தைகள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறைகூடக் கேட்கும். அதை எந்த ஆப்பும் சொல்லாது.

பால் அலாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்க்கும் ரிமைண்டரை வையுங்கள். முடிந்தவரை ஒரே தராசில் பாருங்கள்.

---

குற்றாலச்சாரல் | ஏப்ரல் 3, 2025, இரவு 1:10

நேற்று இரண்டாவது தவணை போட்டாயிற்று. எடை 4 கிலோ. சாயங்காலத்திலிருந்து காய்ச்சல், 100.8. தொடை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பால் குடிக்கிறாள், ஆனால் குறைவாக. பாரசிட்டமால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொட்டு மருந்து பாட்டில் ஒன்றும் சிரப் ஒன்றும் இருக்கிறது. அக்காள் மகனுக்கு வாங்கியது சிரப். அம்மா சிரப்பில் இரண்டரை மில்லி கொடுக்கலாம் என்கிறார்கள். சீட்டில் 0.6 மில்லி என்று இருக்கிறது.

---

மலர்விழி_கோவை | ஏப்ரல் 3, இரவு 1:22

நிறுத்துங்கள், முதலில் பாட்டிலைப் பாருங்கள். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் பல வகை, 5 மில்லியில் 120 என்றும் 250 என்றும் வரும். சீட்டில் எந்த மருந்துக்கு 0.6?

---

குற்றாலச்சாரல் | ஏப்ரல் 3, இரவு 1:30

சீட்டில் “டிராப்ஸ்” என்று இருக்கிறது. பாட்டிலிலும் 1 மில்லிக்கு 100. சிரப் 5 மில்லிக்கு 120.

---

மலர்விழி_கோவை | ஏப்ரல் 3, இரவு 1:37

அப்படியானால் கணக்கு பொருந்துகிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம், 4 கிலோவுக்கு 60. சொட்டு மருந்தில் 0.6 மில்லி. உங்கள் அம்மா சொன்ன இரண்டரை மில்லி அந்தச் சிரப்புக்குக் கிட்டத்தட்ட அதே 60 தான், அவர்கள் சொன்னதும் தவறில்லை. ஆனால் அதே இரண்டரை மில்லியைத் தூக்கக் கலக்கத்தில் சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து எடுத்தால் 250 மில்லிகிராம் போய்விடும், நாலு மடங்கு. சிரப்பை இந்த அறையிலேயே வைக்க வேண்டாம். சீட்டில் இருப்பதை மட்டும், பாட்டிலோடு வந்த அளவுக்குழாயால் கொடுங்கள். கொடுத்த மணியைப் போனில் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு முறை, பாட்டி ஒரு முறை கொடுத்துவிடுவீர்கள்.

---

கிராமநர்ஸ் | ஏப்ரல் 3, காலை 6:15

இப்போதுதான் பார்த்தேன். மலர் சொன்னது சரி. அடுத்த அளவுக்கு எத்தனை மணி நேர இடைவெளி என்று சீட்டில் இருப்பதைப் பாருங்கள். பென்டா ஊசிக்குக் காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தாலும், குழந்தை துவண்டாலும், பாலே குடிக்காவிட்டாலும், வலிப்பு மாதிரி வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீக்கத்தில் தேய்க்க வேண்டாம், ஒன்றும் பூச வேண்டாம். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

எப்படி இருக்கிறாள்?

---

குற்றாலச்சாரல் | ஏப்ரல் 3, காலை 8:40

காய்ச்சல் இறங்கிவிட்டது. பாலும் நன்றாகக் குடித்தாள். சிரப்பை அக்காள் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். இருவருக்கும் நன்றி.

---

சென்னை_புதுஅப்பா | ஏப்ரல் 19, 2025

இந்த இழையை முழுக்கப் படித்தேன். எனக்கும் ஒரு கேள்வி. முதல் தவணை தனியார் மருத்துவமனையில் போட்டோம். ரோட்டா அவர்களிடம் இரண்டு தவணைதான் என்றார்கள். இப்போது ஊர் மாறி அரசு நிலையத்தில் தொடர்கிறோம். இங்கே மூன்று தவணை என்கிறார்கள். யு-வின் எஸ்எம்எஸ் ஒரு தேதி சொல்கிறது, தனியார் கொடுத்த புத்தகம் வேறு தேதி. எதைப் பின்பற்றுவது?

---

கிராமநர்ஸ் | ஏப்ரல் 20, 2025

ரோட்டாவில் கம்பெனி மருந்தைப் பொறுத்து இரண்டும் உண்டு, மூன்றும் உண்டு. கலந்து கொடுத்தால் மொத்தம் மூன்றாக முடிக்க வேண்டும். இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஒரே இடத்தில் காட்டுங்கள். தனியாரில் போட்டதை நர்ஸ் தாய் சேய் நல அட்டையில் எழுதிக் கொடுப்பார். எஸ்எம்எஸ் பதிவில் இருக்கும் விவரத்தை வைத்துத்தான் வருகிறது. தனியாரில் போட்டது அதில் ஏறியிருக்காவிட்டால் தேதி தப்பாகத்தான் வரும். பதிவில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்றும் பாருங்கள். பல வீட்டில் தாத்தா நம்பர் கொடுத்திருப்பார்கள், எஸ்எம்எஸ் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

---

குற்றாலச்சாரல் | ஜூலை 9, 2025

மூன்று தவணையும் முடிந்தது. ஏப்ரல் 30 அன்றே கடைசித் தவணை. இப்போது அடுத்த சண்டை. நேற்றோடு ஆறு மாதம் முடிந்தது, இணை உணவு ரிமைண்டர் அடித்துவிட்டது. சோறு ஊட்ட அம்மா கோயிலுக்கு நாள் பார்க்கிறார்கள். டாக்டர் ஆகஸ்ட் 12 வரை பொறுக்கலாம் என்கிறார், டெலிவரி தேதிக் கணக்கில்.

---

நெல்லை_ராம் | ஜூலை 9, 2025

இதில் நான் அன்றைக்குச் சொன்னது சரிதானே. சாப்பாட்டுக்கு டெலிவரி தேதி.

---

மலர்விழி_கோவை | ஜூலை 9, 2025

எங்கள் டாக்டர் பிறந்த தேதியிலிருந்து 6 மாதம் என்றுதான் சொன்னார், 36 வாரத்தில் பிறந்த பையனுக்கு. அப்போதே ஆரம்பித்தோம், நன்றாகச் சாப்பிட்டான். எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை என்று நினைக்கிறேன்.

---

கிராமநர்ஸ் | ஜூலை 10, 2025

டாக்டர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. 28, 30 வாரத்தில் பிறந்த குழந்தை என்றால் வித்தியாசம் பெரிது, டெலிவரி தேதிக் கணக்கைத்தான் பார்ப்போம். 35, 36 வாரக் குழந்தைக்கு நாலைந்து வாரம்தான் வித்தியாசம். அந்த இடைவெளியில் தேதியைவிடக் குழந்தையைத்தான் பார்க்க வேண்டும். கழுத்து நிற்கிறதா, பிடித்துக்கொண்டால் உட்காருகிறாளா, நீங்கள் சாப்பிடும்போது எட்டிப் பார்த்து வாயைத் திறக்கிறாளா, கரண்டியை வாயில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறாளா? இவை வந்துவிட்டால் ஆரம்பிக்கலாம். வராவிட்டால் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 12-க்கு மேல் தள்ள வேண்டாம். அதற்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது, முக்கியமாக இரும்புச்சத்து.

கோயில் சடங்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உதட்டில் ஒரு பருக்கை தொட்டுவைத்தால் சடங்கு நிறைவேறிவிடும். தேன் மட்டும் தொட்டு வைக்க வேண்டாம், ஒரு வயது வரை.

இரும்புச்சத்து என்றதும் ஒன்று. முந்திப் பிறந்ததால் இரும்புச் சொட்டு எழுதியிருப்பார்களே, கொடுக்கிறீர்களா?

---

குற்றாலச்சாரல் | ஜூலை 10, 2025

ஆமாம், தினமும். மார்ச்சில் எழுதிய அளவுதான் இன்னும். வைட்டமின் டி சொட்டும். இப்போது நர்ஸம்மா வாரத்துக்கு இரண்டு முறை கொடுக்க ஒரு சிரப் பாட்டில் கொடுத்திருக்கிறார், அதுவும் இரும்புச்சத்துதான் என்றார்.

---

கிராமநர்ஸ் | ஜூலை 10, 2025

இதைத்தான் கேட்க நினைத்தேன். அந்த சிரப் ஆறு மாதத்திலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு கொடுப்பது, ஒரு முறைக்கு 1 மில்லி. தினச் சொட்டும் அதுவும் சேர்ந்தால் இரட்டிப்பாகிவிடும். இரண்டு பாட்டிலையும் டாக்டரிடம் காட்டி எது தொடர வேண்டும் என்று கேளுங்கள். நர்ஸிடமும் தினச் சொட்டு கொடுப்பதைச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்காது.

இரும்புச் சொட்டின் அளவு எடையை வைத்து எழுதுவது. மார்ச்சில் 3 கிலோ குழந்தைக்கு எழுதியது இப்போதைய எடைக்குப் பொருந்தாது. வைட்டமின் டி அப்படி இல்லை, நாளுக்கு 400 யூனிட் என்று ஒரே அளவு. ரிமைண்டரில் “சொட்டு கொடு” என்று மட்டும் வைக்காமல், எடை பார்க்கிற நாளில் “இரும்பு அளவைக் கேள்” என்றும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

குற்றாலச்சாரல் | ஆகஸ்ட் 24, 2025

டாக்டர் தினச் சொட்டைப் புதிய எடைக்கு மாற்றி எழுதினார். சிரப்பை இப்போதைக்கு வேண்டாம் என்றார், நர்ஸம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஜூலை கடைசியில் வாயைத் திறந்துகொண்டு தட்டுக்கு வந்துவிட்டாள், அப்போதே ஆரம்பித்தோம். ராகிக் கஞ்சி, பருப்பு மசித்த சாதம். ஆப் மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளை என்று ஐந்து வேளை காட்டுகிறது, அவளோ இரண்டு வேளைக்கு மேல் வாயை மூடிக்கொள்கிறாள்.

---

கிராமநர்ஸ் | ஆகஸ்ட் 24, 2025

இரண்டு வேளை இப்போது போதும். முதலில் இரண்டு மூன்று கரண்டிதான், 8 மாதம் முடியும்போது அரைக் கிண்ணம் வரை போகும். பால் வழக்கம்போல அவள் கேட்கும்போது. 9 மாதத்துக்கு மேல் மூன்று வேளையும் நடுவில் ஒரு தின்பண்டமும் ஆகும்.

வேளையைவிடக் கஞ்சியின் கெட்டிதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி சட்டென்று வழியக் கூடாது. தண்ணியாகக் கொடுத்தால் வயிறு நிறையும், எடை ஏறாது. அங்கன்வாடி சத்துமாவையும் அப்படியே கெட்டியாகக் கிண்டி, ஒரு சொட்டு நெய் விட்டுக் கொடுங்கள். மிக்ஸியில் அடித்துக் கொடுப்பதை ரொம்ப நாள் தொடராதீர்கள். 9 மாதத்துக்குள் விரலால் மசித்தது, அப்புறம் அவளே எடுத்துத் தின்கிற மாதிரி வெந்த கேரட், இட்லித் துண்டு என்று போக வேண்டும். ரிமைண்டர் வைப்பதானால் அதற்கு வையுங்கள்.

---

குற்றாலச்சாரல் | அக்டோபர் 8, 2025

இன்று 9 மாதம் முடிந்து எம்.ஆர். ஊசி, நிமோனியா ஊசி, போலியோ ஊசி, வைட்டமின் ஏ எல்லாம் ஆயிற்று. ஆப்பில் மூளைக்காய்ச்சல் ஊசி விட்டுப்போனதாகச் சிவப்பில் காட்டுகிறது. இங்கே போடவில்லை.

---

விழுப்புரம்_தாய் | அக்டோபர் 8, 2025

எங்கள் மாவட்டத்தில் அதையும் போடுகிறார்கள். அந்த நோய் இருக்கிற மாவட்டங்களில் மட்டும்தான் என்று எங்கள் நர்ஸ் சொன்னார்.

---

கிராமநர்ஸ் | அக்டோபர் 8, 2025

ஆமாம், மாவட்டத்தைப் பொறுத்தது. உங்கள் நிலையத்தில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தம்பி, இந்த ஊசிக்குக் காய்ச்சல் வேறு மாதிரி வரும். பென்டாவுக்கு அன்றிரவே வந்ததே, எம்.ஆருக்கு ஏழிலிருந்து 12 நாள் கழித்து வரலாம், மேலெல்லாம் லேசான தடிப்போடு. கணக்குப் பார்த்தால் அக்டோபர் 15-லிருந்து 20 வரை. 20 தீபாவளி. ஊருக்குப் போவதாக இருந்தால் சொட்டு மருந்தையும் இப்போதைய எடைக்கு டாக்டர் எழுதிய அளவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் எம்.ஆர். போட்ட தேதியைச் சொல்லுங்கள்.

---

குற்றாலச்சாரல் | அக்டோபர் 8, 2025

மனைவியின் ஊருக்குத்தான் போகிறோம். 15-ஆம் தேதிக்கு ரிமைண்டர் வைத்துவிட்டேன். அட்டையில் அடுத்தது 16 மாதம் என்று இருக்கிறது, 2026 மே 8, வெள்ளிக்கிழமை வருகிறது. வாத்தியார் சாரின் சூத்திரம் மே 13 புதன் என்று காட்டுகிறது. அதையும் குறித்துக்கொண்டேன்.